‘Windows protected your PC’ என்று திரை மறித்தால்: எப்போது விடுவது, எப்போது Run anyway அழுத்துவது

இணையத்திலிருந்து இறக்கிய ஒரு இன்ஸ்டாலரை இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள். அது திறக்கவில்லை. அதற்குப் பதில் நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மேலே பெரிய எழுத்தில் `Windows protected your PC`. அதன் கீழே, அறிமுகமில்லாத ஒரு ஆப் தொடங்குவதை மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுத்துவிட்டது, இதை ஓட்டினால் கம்ப்யூட்டருக்கு ஆபத்து வரலாம் என்று இரண்டு வரி ஆங்கிலம். அழுத்துவதற்கு இருப்பது `Don't run` என்ற ஒரே பட்டன்.

பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இதைப் பார்த்ததும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து கம்ப்யூட்டரையே அணைத்துவிடுகிறார்கள். சிலர் “அது எப்பவும் அப்படித்தான் வரும், `More info` போட்டு `Run anyway` கொடு” என்று யாரோ சொன்னதை வைத்து, எந்த ஃபைலாக இருந்தாலும் அதையே செய்கிறார்கள். முதலாவதால் வேலை கெடுகிறது. இரண்டாவதால் வங்கிக் கணக்கே போகலாம். இந்தப் பெட்டியை எப்படிப் படிப்பது, எதைச் சரிபார்த்த பிறகு மேலே போவது நியாயம் என்பதைப் புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுபவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி உண்மையில் சொல்வது

“இந்த ஃபைலில் வைரஸ் இருக்கிறது” என்று அது சொல்லவில்லை. “இந்த ஃபைலை எனக்குத் தெரியாது” என்றுதான் சொல்கிறது. அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் புது ஆளை நிறுத்தி “யார் வீட்டுக்கு?” என்று கேட்பது போலத்தான் இது. வந்தவர் திருடன் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் கேட்கிறார். இங்கே வீட்டுக்காரர் நீங்கள்.

விண்டோஸ் இதை எப்படி முடிவு செய்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. இணையத்திலிருந்து ஒரு ஃபைலை இறக்கும்போது பிரவுசர் அதன் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை ஒட்டிவைக்கிறது: “இது வெளியிலிருந்து வந்தது”. அப்படிக் குறிப்பு ஒட்டிய நிரலை நீங்கள் திறக்கும்போது, விண்டோஸ் அந்த ஃபைலின் ஹாஷை, அதாவது அந்த ஃபைலுக்கு மட்டுமே உரிய கைரேகை எண்ணை, மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் காட்டிக் கேட்கிறது. இதே ஃபைலை நிறையப் பேர் இறக்கி, யாருக்கும் தொல்லை வரவில்லை என்றால் அது சத்தமில்லாமல் திறந்துவிடும். கெட்டது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் தடுக்கப்படும். இரண்டும் இல்லை, இந்த ஃபைலைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் பெட்டி வருகிறது. ஃபைலின் கைரேகையோடு, அதில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயருக்கு இருக்கும் நற்பெயரும் கணக்கில் வரும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் இது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிய வேண்டும். நேற்றுத்தான் வெளியான புதுப் பதிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் கைரேகை புதியது, அதனால் எச்சரிக்கை வரலாம். உலகத்தில் சில நூறு பேர் மட்டுமே பயன்படுத்தும் சின்ன மென்பொருளுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கலாம். அதே சமயம், இன்று காலை ஒரு திருடன் புதிதாகத் தயாரித்த வைரஸுக்கும் இதே பெட்டிதான் வரும். நல்ல புதுமுகத்தையும் கெட்ட புதுமுகத்தையும் அந்தப் பெட்டியால் பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பிரிக்கும் வேலைதான் நம்முடையது.

முதலில், இது அந்தப் பெட்டிதானா?

விண்டோஸில் பல எச்சரிக்கைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸ் `Threat found` என்று அறிவித்தாலோ, ஃபைலில் வைரஸ் இருப்பதால் வேலை முடியவில்லை என்று வந்தாலோ, அது வேறு சங்கதி. அங்கே விண்டோஸ் ஒரு குறிப்பிட்ட கெட்ட பெயரைச் சொல்லியே தடுக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஃபைலை விட்டுவிடுங்கள்.

திரை இருண்டு, இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று `Yes`, `No` கேட்பது இன்னொன்று. அது அட்மின் அனுமதிக் கேள்வி. ஒரே இன்ஸ்டாலருக்கு நீலப் பெட்டியும் வந்து, பிறகு இதுவும் வரலாம். விண்டோஸ் 11-ல் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் இயங்கினால் `Run anyway` என்ற வழியே இருக்காது. அதை அணைத்தால் எல்லா ஃபைல்களுக்கும் சேர்த்துத்தான் அணைக்கிறீர்கள், ஒரு ஆப்புக்காக அதைச் செய்யாதீர்கள். நெட் இல்லாதபோது, ஸ்மார்ட்ஸ்கிரீனைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வரும். அப்போது நெட்டை இணைத்துவிட்டு மறுபடி திறந்து பார்ப்பதுதான் முறை.

More info-வை அழுத்திப் படியுங்கள்

`More info` என்பது பட்டன் போலத் தெரியாது, வரிகளுக்குக் கீழே சின்னதாக ஒரு லிங்க். அதை அழுத்துவதால் எதுவும் ஓடாது, பயப்பட வேண்டாம். அழுத்தினால் இரண்டு வரிகள் கூடுதலாக விரியும்: `App:` என்று ஃபைலின் பெயர், `Publisher:` என்று வெளியிட்டவர் பெயர். அதோடு `Run anyway` பட்டனும் தோன்றும். பட்டனை மறந்துவிட்டு அந்த இரண்டு வரிகளைப் படியுங்கள். ஏமாற்று ஃபைல்களில் பல இங்கேயே பிடிபட்டுவிடும்.

`App:` வரியில் ஃபைலின் முழுப் பெயர் கடைசி எழுத்து வரை இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் விண்டோஸ் சாதாரணமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவைக்கிறது. மெயிலில் வந்த `Offer_Letter.pdf` என்று நினைத்து நீங்கள் திறந்த ஃபைல், இந்தப் பெட்டியில் `Offer_Letter.pdf.exe` என்று தன் முழுப் பெயரைக் காட்டும். பிடிஎஃப், போட்டோ, எக்செல் போன்றவற்றைத் திறக்கும்போது இந்த நீலப் பெட்டி வருவதில்லை, நிரல்களுக்குத்தான் வரும். ஆகவே ஆவணம் என்று நினைத்துத் திறந்த ஒன்றுக்கு இந்தப் பெட்டி வந்தால், அது ஆவணமே அல்ல. வருமான வரி நோட்டீஸ், கூரியர் ரசீது, சம்பளப் பட்டியல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி, மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. `Don't run`, பிறகு டெலீட்.

`Publisher:` வரியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கலாம், அல்லது `Unknown publisher` என்று இருக்கலாம். பின்னது என்றால், ஃபைலை யார் வெளியிட்டது என்பதை உறுதி செய்யும் டிஜிட்டல் கையெழுத்து செல்லுபடியாகும் நிலையில் இல்லை என்று பொருள். கையெழுத்துச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இலவசமாக ஒரு கருவியை எழுதித் தரும் தனிமனிதர் பெரும்பாலும் அந்தச் செலவைச் செய்வதில்லை. அதனால் `Unknown publisher` என்பது மட்டுமே ஒருவரைக் குற்றவாளி ஆக்காது. ஆனால் யாருக்கு அது இருக்கக்கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெயர் தெரிந்தது, ஃபைல் தெரியாதது

புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. “இது குரோம்தானே, எல்லாரும் வைத்திருப்பதுதானே, தைரியமாகப் போடலாம்” என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லாரும் வைத்திருக்கும் மென்பொருளுக்கு இந்தப் பெட்டி வந்தால்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

குரோமின் உண்மையான இன்ஸ்டாலரில் `Google LLC` என்ற கையெழுத்து இருக்கும். விஎல்சி என்றால் `VideoLAN`. கோடிக்கணக்கானவர்கள் இறக்குகிற ஃபைல்கள் அவை, விண்டோஸுக்கு நன்றாகவே தெரியும். குரோம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஃபைலை விண்டோஸ் தெரியாது என்கிறது, அதில் `Unknown publisher` என்றும் இருக்கிறது என்றால், அது குரோம் அல்ல என்பதுதான் நேரான விளக்கம். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்குகளில் போலித் தளங்கள் ஏறி உட்காருவது உண்டு. அங்கே இறக்கினால் இப்படித்தான் வரும்.

வேலை தேடி மாரத்தஹள்ளி, பி.டி.எம். பக்கம் பி.ஜி.யில் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நேர்காணலுக்கு ஜூம் வேண்டும், இந்த லிங்க்கில் இறக்கிக்கொள்ளுங்கள் என்று மெயில் வருகிறது. இறக்கித் திறந்தால் நீலப் பெட்டி. நேர்காணலுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது, லிங்க் அனுப்பியவர் போனில் “சார், ரன் எனிவே கொடுங்க, டைம் ஆகுது” என்கிறார். அந்த அவசரம் வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது. உண்மையான ஜூம் இன்ஸ்டாலர் கையெழுத்தோடுதான் வரும். அந்த மெயிலை மூடிவிட்டு, zoom.us என்று நீங்களே தட்டச்சு செய்து இறக்குங்கள், அல்லது பிரவுசரிலேயே சேருங்கள். உண்மையான நிறுவனம் அதை மறுக்காது. மறுத்தால் அந்த வேலையே போலி.

ஒரு ஃபைலை முழுதாகச் சரிபார்த்த கதை

அல்சூரில் இருக்கும் ஓர் அக்கா, தங்கள் தமிழ் அமைப்பின் ஆண்டு மலருக்குக் கட்டுரைகளைத் தொகுக்கிறார். பழைய மலர்களின் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றை, நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் பார்த்து இறக்கியிருக்கிறார். திறந்ததும் நீலப் பெட்டி. போனில் கூப்பிட்டார்.

“தம்பி, வைரஸ்னு சொல்லுது. அழிச்சிடவா?”

“அழிக்காதீங்க அக்கா, திறக்கவும் வேண்டாம். `Don't run` மட்டும் கொடுத்துட்டு இருங்க. பார்க்கலாம்.”

`Don't run` கொடுத்தாலும் ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் பெயரை இங்கே `bamini-convert.exe` என்று வைத்துக்கொள்வோம்.

நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் தேடிப் போனீர்களா, அது உங்களைத் தேடி வந்ததா? அவர் தேடிப் போயிருக்கிறார். யாரும் வாட்ஸாப்பில் அனுப்பவில்லை, எந்த விளம்பரமும் தள்ளவில்லை. என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். தானாக வந்த ஃபைலுக்கு நீலப் பெட்டி வந்தால், நான் மேலே ஒரு அடியும் எடுத்து வைப்பதில்லை.

அடுத்து, அவர் சொல்லும் இடத்திலிருந்துதான் வந்ததா என்று ஃபைலையே கேட்டோம். பிரவுசர் ஒட்டிவைத்த அந்தக் குறிப்பைப் படிக்க முடியும். விண்டோஸ் 11-ல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து `Open in Terminal` கொடுத்தால், கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல் ஜன்னல் திறக்கும். அதில் இதைத் தட்ட வேண்டும்:

```
Get-Content .\bamini-convert.exe -Stream Zone.Identifier
```

இப்படி ஒரு பதில் வந்தது:

```
[ZoneTransfer]
ZoneId=3
ReferrerUrl=https://github.com/
HostUrl=https://release-assets.githubusercontent.com/...
```

`ZoneId=3` என்றால் இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். கடைசி இரண்டு வரிகள் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டுகின்றன. கிட்ஹப் என்று நினைத்து இறக்கிய ஃபைலுக்கு இங்கே வேறு ஏதோ தளத்தின் பெயர் இருந்திருந்தால், நடுவில் எங்கோ வழி மாறிப் போயிருக்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

இந்தக் குறிப்பு இல்லாத ஃபைல்களும் உண்டு, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பென் டிரைவ்கள் பெரும்பாலும் வரும் எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி வடிவங்களில் இந்தக் குறிப்பு நிற்காது. அதனால் அதே ஃபைல் நண்பரின் பென் டிரைவ் வழியாக வந்தால் நீலப் பெட்டியே வராமல் திறக்கலாம். சில ஜிப் மென்பொருள்களில் பிரித்தாலும் அப்படி நடக்கும். எச்சரிக்கை வரவில்லை என்பது நற்சான்று அல்ல, விண்டோஸ் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பிறகு கிட்ஹப் பக்கத்துக்கே போய்ப் பார்த்தோம். கிட்ஹப்பில் இருப்பதாலேயே ஒரு ஃபைல் நல்லது ஆகிவிடாது, யார் வேண்டுமானாலும் அங்கே கணக்குத் தொடங்கலாம். நான் பார்ப்பது பக்கத்தின் வயதும் நடமாட்டமும். இந்தக் கருவிக்குப் பல ஆண்டுகளாகப் பதிப்புகள் வந்திருக்கின்றன. மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறது. பயனர்கள் “இந்த எழுத்து சரியாக மாறவில்லை” என்று புகார் எழுதியிருக்கிறார்கள், கருவியை உருவாக்கியவர் பதில் சொல்லியிருக்கிறார். மூன்று நாட்களுக்கு முன் தொடங்கிய கணக்கு, நிரலே இல்லாமல் ஒரு ஜிப் மட்டும், அதைத் திறக்க `1234` என்று ஒரு பாஸ்வேர்ட், “ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்” என்று ஒரு குறிப்பு — இவை இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். பாஸ்வேர்ட் போட்ட ஜிப்புக்குள் ஆன்ட்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பாஸ்வேர்ட் போடுகிறார்கள். நேர்மையாக எழுதும் தனிமனிதர்கள், “கையெழுத்து இல்லாததால் விண்டோஸ் எச்சரிக்கும்” என்று விளக்குவது உண்டு. ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்ல மாட்டார்கள்.

கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தோம்:

```
Get-AuthenticodeSignature .\bamini-convert.exe
```

`NotSigned` என்று வந்தது. தனிமனிதர் எழுதிய இலவசக் கருவிக்கு அது எதிர்பார்த்ததுதான். `Valid` என்று வந்தால் யாருடைய கையெழுத்து என்பதையும் பார்க்க வேண்டும். ஃபைலை வலது கிளிக் செய்து `Properties` போனால் `Digital Signatures` என்ற பக்கத்தில் பெயர் இருக்கும். மென்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது கையெழுத்து இல்லாததை விட மோசம். `HashMismatch` என்று வந்தால், கையெழுத்துப் போட்ட பிறகு ஃபைல் மாறியிருக்கிறது. அதைத் திறக்கவே கூடாது.

அடுத்தது கைரேகை:

```
Get-FileHash .\bamini-convert.exe
```

இது அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட வரிசையைத் தரும். கிட்ஹப்பின் வெளியீட்டுப் பக்கத்தில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் `sha256:` என்று தொடங்கும் வரிசை இப்போது காட்டப்படுகிறது. முன்னால் பத்து, பின்னால் பத்து எழுத்துகளை மட்டும் பார்த்து முடிக்காமல், இரண்டையும் நோட்பேடில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பொருட்டல்ல. எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது. இது எதை நிரூபிக்கிறது என்பதில் கவனம் வேண்டும். அந்தப் பக்கத்தில் வைத்திருக்கும் ஃபைல்தான் மாறாமல் நம் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வைத்தவரே கெட்டவர் என்றால் இது உதவாது.

அதற்காகத்தான் கடைசிச் சோதனை. அந்த நீண்ட வரிசையை நகலெடுத்து virustotal.com தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினோம். கூகுளுக்குச் சொந்தமான இந்தத் தளம், எழுபது போல ஆன்ட்டிவைரஸ் எஞ்சின்கள் ஒரு ஃபைலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரே இடத்தில் காட்டும். ஃபைலை ஏற்றுவதற்கு முன் கைரேகையைத் தேடுவதுதான் நல்ல பழக்கம். ஏற்றுகிற ஃபைலை வேறு நிறுவனங்களும் பார்க்க முடியும், ஆகவே சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது. வெளியில் எல்லாருக்கும் கிடைக்கும் இன்ஸ்டாலரை ஏற்றலாம்.

இந்த ஃபைலுக்கு இரண்டு எஞ்சின்கள் சிவப்பு காட்டின. அக்கா பதறிவிட்டார். எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, அவை சொல்லும் பெயரையும் படிக்க வேண்டும். அதிகம் கேள்விப்படாத ஓரிரு எஞ்சின்கள் மட்டும் `Generic`, `Suspicious`, `ML` என்பது போன்ற பொதுப் பெயர்களைச் சொன்னால், அது பெரும்பாலும் ஊகம். பைத்தான் மொழியில் எழுதி ஒற்றை எக்ஸ்இ ஃபைலாகக் கட்டப்படும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும், ஏனென்றால் வைரஸ் எழுதுபவர்களும் அதே கட்டும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கருவியும் பைத்தான்தான், கிட்ஹப்பிலேயே தெரிகிறது. மாறாக, பெரிய எஞ்சின்கள் உட்படப் பல எஞ்சின்கள் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால், குறிப்பாக `Stealer` என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால், விவாதமே இல்லை. அவை பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிறவை. சுத்தமாகப் பூஜ்யம் வந்தாலும் அது முழு உத்தரவாதம் அல்ல, நேற்றுப் பிறந்த வைரஸும் பூஜ்யம் காட்டலாம். அந்த ஃபைல் முதன்முதலில் எப்போது அங்கே வந்தது என்று `Details` பக்கத்தில் பாருங்கள். பல மாதங்களாக அங்கே இருந்தும் பெரிய எஞ்சின்கள் எதுவும் குறை சொல்லவில்லை என்றால் அந்தப் பதிலுக்கு எடை அதிகம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவு. அவர் தேடிப் போனார். எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அறிமுகமில்லாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது, பாமினியை மாற்றும் கருவியை உலகத்தில் எத்தனை பேர் இறக்கப்போகிறார்கள்? ஃபைல் மாறவில்லை. வெளிச் சோதனையில் கடுமையான குற்றச்சாட்டு இல்லை. இப்படி இருக்கும்போது `Run anyway` கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. இவற்றில் ‘எங்கிருந்து வந்தது’ என்பது மட்டும் தவறினாலும், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும், நான் கொடுக்க மாட்டேன்.

கொடுத்த பிறகும் ஒரு கண் வைத்திருந்தோம். எழுத்து மாற்றும் ஒரு கருவிக்கு அட்மின் அனுமதி எதற்கு? இது நிறுவாமலே ஓடும் ஒற்றை ஃபைல், அதனால் திரை இருண்டு `Yes`, `No` கேட்டால் `No` என்று முன்பே பேசிவைத்திருந்தோம். கேட்கவில்லை. இன்ஸ்டாலராக இருந்தால் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத அந்தக் கேள்வி வருவது இயல்பு. ஒரு மென்பொருள் செய்யும் வேலைக்கும் அது கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள், விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் என்ற தனித்த சோதனை ஜன்னலில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது, அக்காவின் லேப்டாப் ஹோம்தான்.

புதுப் பதிப்பு வரும்போது கைரேகை மாறுவதால் நீலப் பெட்டி மறுபடி வரும். போன தடவை பார்த்தாயிற்றே என்று விடாமல், குறைந்தது இடத்தையும் கைரேகையையும் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவசரம் இல்லாவிட்டால் புதுப் பதிப்பு வந்து ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து இறக்குவது இன்னும் நல்லது. அதற்குள் ஏதாவது கோளாறு இருந்தால் யாராவது அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

இந்த வழி பொருந்தாத இரண்டு கம்ப்யூட்டர்கள்

ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள். பல கம்பெனிகளில் `Run anyway` பட்டனே தெரியாதபடி வைத்திருப்பார்கள். பட்டன் இருந்தாலும் அந்த முடிவு உங்களுடையது அல்ல, ஐ.டி. பிரிவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். ஃபைலை பென் டிரைவில் ஏற்றி எச்சரிக்கை வராமல் திறந்துவிடலாம் என்ற யோசனை வந்தால், வேலைக்கே உலை வைக்கும் யோசனை அது.

எஸ்.பி. ரோடு பக்கம் பழைய லேப்டாப் வாங்கியவர்கள், இந்த நீலப் பெட்டியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால், ஸ்மார்ட்ஸ்கிரீன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். `Windows Security` திறந்து, `App & browser control`, அதில் `Reputation-based protection settings`. `Check apps and files` ஆன் நிலையில் இருக்க வேண்டும். கள்ள மென்பொருள் போட்டுத் தருபவர்கள் இதை அணைத்துவிடுவது உண்டு. ‘கிராக்’ செய்த மென்பொருளுக்கு நீலப் பெட்டி வந்தால் சரிபார்க்க வழியே கிடையாது. மாற்றப்பட்ட ஃபைலுக்கு நம்பத்தக்க கையெழுத்தும் இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க மூலக் கைரேகையும் இருக்காது.

ஏற்கெனவே அழுத்திவிட்டால்

`Run anyway` கொடுத்த பிறகு எந்த ஜன்னலும் திறக்கவில்லை, அல்லது ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்தது, அல்லது ஏதோ பிழை என்று சொல்லி மூடிக்கொண்டது என்றால், “வேலை செய்யவில்லை” என்று மறுபடி அழுத்தாதீர்கள். பாஸ்வேர்ட் திருடும் மென்பொருள்கள் அப்படித்தான் நடந்துகொள்ளும், வேலையை முடித்துவிட்டு அமைதியாகிவிடும்.

முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு `Windows Security`-யில் `Virus & threat protection`, `Scan options` போய் `Microsoft Defender Antivirus (offline scan)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி, பிறகு மற்றவை. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும். மெயில் கணக்கில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். பிரவுசரில் லாகின் ஆகியிருந்த நிலையையே இவை திருடுவதால், பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. சோதனையில் ஏதாவது சிக்கினால், முக்கியமான ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதுதான் நிம்மதி.

பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. அந்த `.exe` ஃபைலின் பெயரையும், அது வந்த மெயில் அல்லது லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகாரோடு சேர்க்கத் தேவைப்படும்.